எழுபது புளியங்கொட்டை

கேள்வி: கல்யாணமாகி மூன்று மாதம். ஐப்பசி மழையில் வெளியே போக வழியில்லை, கையில் காசும் இல்லை. மனைவியோடு பொழுதை எப்படிக் கழிப்பது?
– புது மாப்பிள்ளை, கற்பிட்டி

பதில்: குசினிக்குப் போங்க தம்பி. புளி கரைத்தபின் எறியும் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து 70 சேருங்கள். ஏழு தேங்காய் உடைத்த சிரட்டை 14 எடுங்கள். கண் உள்ள பாதி ஏழும் அவவுக்கு, கண் இல்லாத பாதி ஏழும் உங்களுக்கு. பழைய சாரத்தை மடித்து விரித்து, அதன்மேல் இரண்டு வரிசையாக வைத்தால் சிரட்டை உருளாது. பல்லாங்குழி தயார். தென்னை சூழ்ந்த நம் மாவட்டத்தில் இதற்குச் செலவு பூச்சியம்.

கேள்வி: அம்மம்மா விளையாடியதைப் பார்த்திருக்கிறேன். விதிதான் மறந்துபோச்சு.
– ஆசிரியை, சிலாபம்

பதில்: குழிக்கு ஐந்து கொட்டை. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, வலப்பக்கமாக ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே சுற்றுங்கள். கை காலியானால் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு, அதற்கு அடுத்ததில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம். அத்தோடு உங்கள் முறை முடிந்தது. இரண்டு குழி தொடர்ந்து வெறுமையென்றால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது ‘பசு’. யார் ஆடினாலும் குழிக்காரர் எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் விதி மாறும். தொடங்குமுன் இருவரும் பேசி முடித்துவிட்டால் பிறகு சண்டை வராது.

கேள்வி: இதில் மூளைக்கு என்ன வேலை? எல்லாம் அதிர்ஷ்டம் என்கிறார் என் கணவர்.
– தங்கச்சி ஒருத்தி, உடப்பு

பதில்: தாயக்கட்டையே இல்லாத ஆட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கு ஏது இடம், தங்கச்சி? உங்கள் குழிகளுக்கு 1 முதல் 7, அவருடையவற்றுக்கு 8 முதல் 14 என்று எண் கொடுங்கள். நீங்கள் 1இல் தொடங்கினால் 4ஆம் குழியில் கை ஓயும். 5 வெறுமை. 6இல் உள்ள 7 கொட்டை உங்களுக்கு. எல்லாக் குழியும் சமமாக இருப்பதால், முதல் முறையை எங்கே தொடங்கினாலும் இதே ஏழுதான். யோசனை இரண்டாம் முறையில் தொடங்குகிறது. அவர் 7 கொட்டை நிறைந்த 8ஆம் குழியை ஆசையாக அள்ளினால், நீளமாகச் சுற்றி ஒரு பசுவோடு 7 பெறுவார். ஆனால் போகிற வழியில் உங்கள் 1ஆம் குழியில் நான்கை நிரப்பி, ஒரு பசுவை உங்களுக்கே தந்துவிடுவார். ஒற்றைக் கொட்டை கிடக்கும் 13ஐ எடுத்திருந்தால் அவருக்கு 8, உங்களுக்கு ஒன்றுமில்லை. அவரிடம் இதை இப்போதே சொல்லவேண்டாம். இரண்டு ஆட்டம் வெல்லுங்கள், பிறகு சொல்லலாம்.

கேள்வி: நிச்சயம் முடிந்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்தால் உம்மா, பெரியம்மா, தம்பி எல்லோரும் சுற்றி இருப்பார்கள். மழை தகரத்தில் விழும் சத்தத்தில் பேசவும் முடியாது.
– மணப்பெண், புத்தளம்

பதில்: விறாந்தையில் எல்லோர் கண்ணெதிரே விளையாடுங்கள். ஆட்டத்துக்குப் பேச்சே தேவையில்லை. தோற்கும்போது முகம் சுளிக்கிறாரா, நீங்கள் எண்ணத் தவறினால் சொல்லித் தருகிறாரா என்று பார்த்துவிடலாம். கல்யாணத்துக்குமுன் அறிந்துகொள்ள வேண்டியவை இவைதான். பெரியம்மாவை நடுவராக்குங்கள், பசு யாருடையது என்ற வழக்கு அவரிடம் போகட்டும்.

கேள்வி: புளியங்கொட்டைக்குப் பதில் குன்றிமணியோ கச்சானோ வைக்கலாமா?
– வாசகர், முந்தல்

பதில்: சிங்களச் சகோதரர்கள் புத்தாண்டில் ஆடும் ‘ஒலிந்த கெலிய’ குன்றிமணியால் ஆடுவதே. ஆனால் குன்றிமணியை மென்றால் உயிருக்கே ஆபத்து. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அது வேண்டாம். கச்சான் வைத்தால் பாதி ஆட்டத்தில் எழுபது அறுபதாகிவிடும். கையில் எடுத்ததும் குழியில் கிடப்பதும் சேர்ந்து எப்போதும் 70 இருக்கவேண்டும். குறைந்தால் கொட்டை எங்கோ தவறி விழுந்திருக்கும். கச்சானைப் பக்கத்தில் பிளேன்டீயோடு வையுங்கள்.

கேள்வி: பங்குனி வெயிலில் பகல் முழுதும் உள்ளேதான். ஒரு ஆட்டம் அரை மணியில் முடிந்தால்?
– மீனவர் மனைவி, கற்பிட்டி

பதில்: முடியாது. அடுத்த சுற்றில் அவரவர் வென்ற கொட்டையால் தங்கள் குழிகளை நிரப்பவேண்டும். உங்களிடம் 28 இருந்தால் ஐந்து குழி நிரம்பும், மூன்று கையில் மிஞ்சும், இரண்டு குழி மூடப்படும். அவற்றில் ஈர்க்கு ஒன்றை வைத்துவிடுங்கள். அடுத்த சுற்றில் கூட வென்றால் மீட்கலாம். ஒருவரால் ஒரு குழியும் நிரப்ப முடியாதபோதுதான் ஆட்டம் ஓயும். தகரக் கூரையின் கீழ் வேகவேண்டாம். காற்று வரும் வாசலோரம், சீமெந்துத் தரையில் உட்காருங்கள். முதல் சுற்றில் தொடங்குபவருக்கு அந்த ஏழு நிச்சயம் என்பதால், பிறகு சுற்றுக்கு ஒருவராக மாறிமாறித் தொடங்குங்கள். அதுதான் இருவருக்கும் நியாயம்.