தேர் முட்டியில் கோட்டு: ஒரு செய்முறை

கலியாணம் பேசுகிற வீட்டில் பெடியனை நேரே நிற்கவைத்து ஒரு படம் எடுக்கக்கூடாது. அது மரபல்ல. நல்லூர்த் தேரன்று வெளிவீதியில் மேலில் துண்டுகூட இல்லாமல் நின்று குடும்பத்தோடு வீடியோ கோல் கதைத்தானே, அதில் ரொறன்ரோச் சித்தி எடுத்த ஸ்கிரீன்சொட்தான் மூலப்படம். "தம்பி, இவன்ரை முகம் இதிலைதான் களையா இருக்கு. ஒரு கோட்டு, ரை மட்டும் போட்டுவிடன்" என்று அது உங்களுக்கு வந்து சேரும்.

முதலில், வந்த படத்தை வாங்கவேண்டாம். சித்தியின் போன் திரை 1080க்கு 2400 புள்ளி என்று வையுங்கள். கோலில் ஆறு பேர் இருந்ததால் பெடியனுக்குக் கிடைத்தது பாதி அகலப் பெட்டி, அதாவது 540 புள்ளி. அதில் முகம் 150 வரும். சித்தி அதை வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நீளம் 1600 அளவுக்குச் சுருங்கும், முகமும் 100 ஆகிவிடும். ஆகவே "டொக்யுமென்ற் ஆக அனுப்புங்கோ சித்தி" என்று கேளுங்கள். அவ எப்படியென்று கேட்பா. ஒரு பின்னேரம் அதிலேயே போகும்.

வந்தவுடன் எல்லாரும் செய்வது படத்தைப் பெரிதாக்குவது. அதைச் செய்யாதீர்கள். ஸ்கிரீன்சொட் அளப்பது திரையின் புள்ளிகளைத்தான். இணைப்பு இழுபட்ட நேரத்தில் வந்த வீடியோவில் அதைவிடக் குறைந்த விபரமே இருந்திருக்கும். இல்லாத மூக்கை எந்த மென்பொருளும் மீட்காது, வேறு யாருடையதோ மூக்கைத்தான் வரைந்து தரும்.

ஸ்ரூடியோக்காரர்கள் வைத்திருக்கும் ஆயத்தக் கோட்டுப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தி ஆணியில் உண்மையான கோட்டே தொங்கியது, வந்தவரெல்லாம் அதற்குள் புகுந்து எழும்பினார்கள். இப்போது அது கொம்பியூட்டரில் தொங்குகிறது. அதில் நூலிழைகூடத் தெரியும், உங்கள் பெடியனின் புருவமோ ஒரே கறுப்புக் கோடு. அப்படியே ஒட்டினால் கோட்டு உயிரோடும் தலை ஆவியாகவும் இருக்கும். வழி இதுதான்: பெட்டியிலிருந்து முகம் நடுவில் வர 440க்கு 440 சதுரம் வெட்டுங்கள். கோட்டையும் அந்தச் சின்னச் சதுரத்துக்குள் சுருக்கி வைத்து, முகத்தின் மங்கலுக்குச் சமமாக மங்கலாக்குங்கள். ஒட்டி முடித்தபிறகு இரண்டையும் சேர்த்தே 640க்குப் பெரிதாக்கி, முழுப்படத்தின் மேலும் கொஞ்சம் புள்ளிச் சத்தம் தூவிவிடுங்கள். முகம் 218 புள்ளியாகும், கோட்டும் அதே அளவு பழுதாகும். புரொபைல் வட்டத்துக்கு அது காணும்.

தலையை வெட்டி எடுக்கவும் வேண்டாம். வீடியோ நிறத்தைப் பாதி நுணுக்கத்தில்தான் வைத்திருக்கும். அதனால் பின்னால் உள்ள கோயில் மதிலின் சிவப்பு முடியோரத்தில் கசிந்திருக்கும். வெட்டினால் அந்தச் சிவப்பு ஒளிவட்டமாகக் கூடவே வரும், பெண் வீட்டார் மாப்பிள்ளையைச் சுவாமியென்று நினைப்பார்கள். முகத்தையும் பின்னணியையும் தொடாமல், நாடிக்குக் கீழே மட்டும் கோட்டை வையுங்கள். பின்னால் நிற்கும் மாமாவின் வெற்றுத் தோள் வட்டத்துக்கு வெளியே போய்விடும். போகாவிட்டால் மாமாவுக்கும் ஒரு கோட்டுப் போடுங்கள்.

கழுத்தில்தான் பிடிபடுவீர்கள். போனைக் கையில் தாழப் பிடித்திருந்ததால் நாடி பெருத்துக் கழுத்து காணாமல் போயிருக்கும். கோட்டுப் படமோ நேரே நின்ற நீண்ட கழுத்துக்காரனுடையது. கொலரை மேலே இழுத்து நாடிக்குள் செருகுங்கள். நாடியின் கீழே ஒரு நிழல் தீட்டவேண்டும், கறுப்பில் தீட்டினால் தாடிபோல இருக்கும், கடும் மண்ணிறம் பாவியுங்கள். காலை வெயில் ஒரு பக்கத்தால் அடித்திருந்தால் மற்றப் பக்கத் தோளையும் இருட்டாக்குங்கள். சந்தனமும் திருநீறும் இருக்கட்டும், அவை மட்டும்தான் அசல்.

ஒரு எச்சரிக்கை. பெடியன் தானே தன் பக்கத்துப் பெட்டியை எடுத்து அனுப்பியிருந்தால் படம் தெளிவாக இருக்கும், ஆனால் கண்ணாடிபோல் இடம்வலம் மாறியிருக்கும். முதலில் அதைத் திருப்பிவிட்டுக் கோட்டு வையுங்கள். வைத்தபிறகு திருப்பினால் மேற்பை வலது நெஞ்சுக்குப் போய்விடும். பெட்டைகளின் படத்தில் இதே பிழை விட்டால் சீலை முந்தானை வலத்தோளில் விழும், அதைச் சித்தி அரை நிமிடத்தில் கண்டுபிடிப்பா.

இந்தப் படம் கடவுச்சீட்டுக்கு உதவாது. அதற்குப் பதிவுபெற்ற ஸ்ரூடியோவில் ஆளே போய் இருக்கவேண்டும். கலியாணத்துக்கும் ஒரு கட்டம்வரைதான். படம் பிடித்துவிட்டால் பெண் வீட்டார் அடுத்ததாக வீடியோ கோல் கேட்பார்கள். அன்றைக்காவது பெடியனை ஒரு சேர்ட் போடச் சொல்லுங்கள்.