இரண்டு மூலங்களும் மெய்யானவை

ஹெந்தளையில் உள்ள எங்கள் வீட்டில் குடும்பத் தலைவர் என்ற பதவி எனக்குத்தான். அதிகாரங்கள் மட்டும் வேறு ஆட்களிடம் இருக்கின்றன. மின்விசிறியின் வேகம் மனைவியின் கையில், தொலைக்காட்சி மாமியின் கையில், வைஃபை கடவுச்சொல் மகளின் கையில். அதனால், பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம் படிக்கும் மகள் ஒரு மாலை, "அப்பா, இந்த லீனியர் அல்ஜீப்ரா இங்கிலீசில வாசிச்சா விளங்குதில்லை. தமிழில ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்று கேட்டபோது, காணாமல் போயிருந்த என் அரசாட்சி திரும்பக் கிடைத்தது போல இருந்தது. நான் ஒருகாலத்தில் கணிதம் படித்தவன். பிறகு வங்கியில் வேலை பார்த்து, படித்ததில் கூட்டல் கழித்தலை மட்டும் மிச்சம் வைத்துக்கொண்டு ஓய்வு பெற்றவன்.

அவளுடைய கஷ்டம் நியாயமானது. உயர்தரத்தில் இணைந்த கணிதத்தைத் தமிழில் படித்தாள். பல்கலைக்கழகத்தில் அதே கணிதம் ஆங்கிலத்தில் வருகிறது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் பாடவாரியாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டதால், பள்ளிக்கூட மட்டத்தில் நமக்கு ஊன்றிய சொற்கள் உண்டு: தாயம், காவி, தொடை, துணிகோவை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் தாயத்துக்கு அணி என்றும், காவிக்குத் திசையன் என்றும், தொடைக்குக் கணம் என்றும் இருக்கும். எங்கள் பிள்ளைகள் அதைத் திறந்தால் நேரே இலக்கண வகுப்புக்குள் போய் விழுந்தது மாதிரி விழிப்பார்கள். ஆனால் பேசிஸ், ஸ்பான், கேர்னல், ஐகன்வலியு என்று விரிவுரையில் வரும் நாலையும் எங்கள் பிள்ளைகள் தமிழில் புழங்க இடமே இருக்கவில்லை. அந்த நாலுக்கும் நானே முடிசூட்டுவது என்று தீர்மானித்தேன்.

முதலில் பேசிஸ். "அடிப்படை" என்று எழுதிவிட்டு எழும்பிப்போய்த் தேத்தண்ணி குடித்து வந்தேன். அதற்குள் அடுத்த வரியில் ஓர் "அடிப்படைத் தேற்றம்" வந்து நின்றது. இது பேசிஸைப் பற்றிய தேற்றமா, முக்கியமான தேற்றமா? வாசிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. சரி, "அடி" என்று சுருக்குவோம் என்றால் மடக்கைக்கு அடி இருக்கிறது, முக்கோணிக்கு அடி இருக்கிறது, செங்குத்துக்கும் அடி இருக்கிறது. "அடித்தளம்" பார்ப்பதற்கு அழகு. ஆனால் கேத்திர கணிதத்தில் தளம் என்றால் வேறு. மூன்று பரிமாண வெளிக்கு அடித்தளம் என்று எழுதினால், பிள்ளை அடியில் ஒரு தட்டையான தளத்தைக் கீறிவிடும்.

தமிழ் விக்கிப்பீடியாவின் கணிதக் கட்டுரைகளில் "அடுக்களம்" என்ற சொல் கிடைத்தது. வேறு எங்கேயும் வேலை பார்க்காத சொல். அதுதான் அதன் முதல் தகுதி. சந்தோசத்தில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன, அடுக்களையோ?" என்று குசினிக்குள் இருந்து மனைவி கேட்டாள்.

"அடுக்களம். ஒரு வெளியில இருக்கிற எல்லாக் காவியையும் இதில இருக்கிற கொஞ்சத்தைக் கொண்டு ஆக்கலாம். ஒண்டு குறைஞ்சாலும் ஆக்கேலாது. ஒண்டு கூடினாலும் அது வீண்."

"அப்ப அடுக்களைதான். நீங்கள் அதுக்குள்ள வந்து நிண்டா வீண்."

பேசிஸுக்கு இதைவிடச் சரியான வரைவிலக்கணம் நான் படித்த புத்தகங்களில் இல்லை. மிகையுமில்லை, குறையுமில்லை என்ற இரண்டு நிபந்தனைகளையும் அவள் என்னை வைத்தே நிறுவிவிட்டாள்.

ஸ்பானுக்கு அதிகம் மினக்கெடவில்லை. "பரப்பு" என்றேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த மாமி உடனே, "எங்க, எத்தின பரப்பு?" என்று காணிக் கணக்குக்கு வந்துவிட்டார். "வீச்சு" என்பது சார்புக்கும் புள்ளிவிபரத்துக்கும் போய்விட்டது. "விரிவு" ஈருறுப்பு விரிவோடு குடும்பம் நடத்துகிறது. இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றும் இருந்தது: ஆங்கிலத்தில் ஸ்பான் பெயராகவும் வரும், வினையாகவும் வரும். இரண்டு காவிகள் ஒரு தளத்தை ஸ்பான் பண்ணும், அப்படிப் பண்ணிக் கிடைத்ததும் ஸ்பான்தான். ஆகவே நமக்கும் வினையாகத் திரும்பக்கூடிய சொல் வேண்டும். அளாவும், அளாவிய, அளாவல். வானளாவிய கோபுரத்தை எல்லாருக்கும் தெரியும். முடிந்தது.

கேர்னல்தான் ஆளைத் தின்றது. இங்கே அந்த ஒலிப்பே ஆபத்து. மாமிக்குக் காதில் "கேணல்" என்று விழுந்து, "ஆமிக்காரர் என்னத்துக்கு இஞ்ச வாறார்?" என்று கேற்றைப் பார்த்தார். கேர்னல் என்பது ஒரு மாற்றத்தின் கீழ் பூச்சியமாகிப்போகும் காவிகள் எல்லாவற்றையும் கொண்ட தொடை. அதனால் "சூனிய வெளி" என்று எழுதிப் பார்த்தேன். மேசையில் கிடந்த அந்தத் தாளை மனைவி தும்புத்தடி நுனியால் தள்ளிவிட்டாள். சூனியம் என்று எழுதிய எதுவும் வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் இருக்கக் கூடாதாம்.

அவள் பயம் ஒருபக்கம் இருக்க, கணித ரீதியிலும் அந்தச் சொல் வில்லங்கம் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் சூனியத் தொடை என்றால் ஒன்றுமே இல்லாத தொடை. கேர்னலோ ஒருநாளும் ஒன்றுமில்லாமல் இருப்பதில்லை. ஆகக் குறைந்தது பூச்சியக் காவியாவது உள்ளே இருக்கும். பூச்சியக் காவி மட்டும் இருக்கிறது என்பதும் ஒன்றுமே இல்லை என்பதும் பரீட்சையில் வேறு வேறு விடைகள். பழைய பாடத்தில் படித்த சொல் புதிய பாடத்தில் பிள்ளையைப் பிழையான பக்கம் தள்ளுமென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விடவேண்டியதுதான். பருப்பு என்று வைக்கலாம் என மனைவி முன்மொழிந்ததை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. கடைசியில் "கரு" என்று வைத்தேன். பௌதிகத்தில் அணுவின் நடுவுக்கும் கரு என்றுதான் பெயர். ஆனால் ஒரு தாயத்தின் கருவையும் ஓர் அணுவின் கருவையும் ஒரே வரியில் மாறாட்டம் பண்ணுவது கஷ்டம். வேற்றுமையுருபும் சிரமமில்லாமல் ஏறுகிறது: கருவில், கருவின், கருவுக்குள்.

ஐகன்வலியுவில்தான் என் மானம் போனது. "சிறப்பியல்பு மூலம்" என்பது கௌரவமான வழி. துணிகோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்தி வரும் சமன்பாட்டின் மூலம்தானே அது. இந்த மகிழ்ச்சியைப் பழைய நண்பன் ஒருவனுடன் பகிர, வாசலில் நின்று தொலைபேசியில் சத்தமாக, "மூலம் ரெண்டு மச்சான். ரெண்டும் மெய்தான், கற்பனை இல்லை. சமச்சீர் எண்டால் அப்பிடித்தானே வரும்" என்று சொன்னேன். அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு அக்கா ஒரு கருணைக்கிழங்கோடு வந்து, மனைவியிடம் தாழ்ந்த குரலில், "அண்ணைக்கு அவிச்சுக் குடுங்கோ, மோரும் நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார். எண்கணிதத்தை வைத்து அவரை மறுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கிழங்கைச் சாப்பிட்டேன்.

அடுத்தது "தன்". தன்பெறுமானம், தன்காவி என்று சேர்த்து எழுதும்வரை அழகுதான். கையெழுத்தில் ஓர் இடைவெளி விழுந்தால், "தாயம் தன் காவியை நீட்டும்" என்பது தாயத்துக்குச் சொந்தமான ஏதோ ஒரு காவி என்றாகிவிடும். என் கையெழுத்தில் இடைவெளிகள் தாமாகவே விழுவன. ஆகவே "ஐகன்" என்பதை அப்படியே வைத்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹில்பேர்ட் 1904 இல் எழுதிய ஜெர்மன் சொல்லில் பாதியைத்தான் ஆங்கிலக்காரரும் மொழிபெயர்த்தார்கள். மற்றப் பாதியைத் தொடாமல் விட்டார்கள். ஹால்மோஸ் என்ற கணிதப் பேராசிரியர் இந்தக் கலப்புச் சொல் வேண்டாமென்று பல வருடம் மல்லுக்கட்டி, கடைசியில் 1967 இல் வந்த தன் புத்தகத்தில் தோல்வியை ஒப்புக்கொண்டார். அவரால் ஆகாதது ஹெந்தளையில் ஆகவா போகிறது? விரிவுரையில் பிள்ளையின் காதில் விழுவதும் ஐகன்தான். ஐகன்பெறுமானம், ஐகன்காவி, ஐகன்வெளி.

நாலு சொல்லும் தனித்தனியே தேறிவிட்டன. ஆனால் நாலையும் ஒரே கணக்குக்குள் விட்டு, ஒன்றை ஒன்று கடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மகளிடம் கொடுப்பதென்று வைத்திருந்தேன். A என்ற தாயத்தை எடுத்தேன். முதல் நிரையில் 2, 1. இரண்டாம் நிரையில் 1, 2. A − λI இன் துணிகோவை (2 − λ)² − 1. அது பூச்சியமாக வேண்டுமென்றால் λ ஆனது 3 அல்லது 1. இனி A − 3I ஐ எழுதினால் நிரைகள் −1, 1 உம் 1, −1 உம் ஆகும். இது பூச்சியமாக்கும் காவிகளில் x உம் y உம் சமன். A − I இல் எல்லா இடத்திலும் 1. அங்கே y ஆனது −x. ஆகவே குறிப்பில் இப்படி எழுதினேன்:

A இன் ஐகன்பெறுமானங்கள் 3, 1. A − 3I இன் கரு, (1, 1) இன் அளாவல். A − I இன் கரு, (1, −1) இன் அளாவல். இந்த இரண்டு ஐகன்காவிகளும் சேர்ந்து தளம் முழுவதையும் அளாவும். ஒன்று மற்றதன் மடங்கு அல்லாததால் அவை தளத்துக்கு ஓர் அடுக்களம்.

சத்தமாக வாசித்தேன். எங்கேயும் தடக்கவில்லை. "சிறப்பியல்பு மூலம் 3 இன் சூனிய வெளியின் அடிப்படையின் பரப்பு" என்று பழைய சொற்களைப் போட்டும் வாசித்துப் பார்த்தேன். காணி உறுதி வாசிப்பது போலவும், அந்தக் காணிக்கு ஆரோ செய்வினை செய்துவிட்டது போலவும் இருந்தது.

மகள் வாசித்தாள். "விளங்குது அப்பா. ஆனா சோதினை இங்கிலீசில." ஆகவே ஒவ்வொரு சொல்லும் முதன்முதல் வரும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் ஆங்கிலச் சொல்லை எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் தடவை எழுதுவதில்லை என்பது விதி. திரும்பத் திரும்ப எழுதினால் கண் ஓரத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போய்விடும்.

மிச்சமிருந்தது தலைப்பு. லீனியர் என்பதற்கு எங்கள் பாடப்புத்தகச் சொல் "ஏகபரிமாண". ஏகபரிமாண உந்தம் என்று பௌதிகத்தில் நெட்டுருப் பண்ணியவள்தான் மகளும். அதையே தலைப்பாகப் போட்டு, முதல் பக்கத்திலேயே இரு பரிமாணத் தளத்தை அளாவினால், ஒரு பரிமாணமா இரண்டா என்று முதல் வரியிலேயே வழக்கு. "நேரியல்" என்றால் இந்த வழக்கு இல்லை. ஆனால் நேர் என்றால் எங்களுக்கு மறைக்கு எதிரானது. A − 3I இல் இருக்கும் −1 ஐப் பார்த்துப் பிள்ளை யோசிக்கும். இரண்டையும் எழுதி எழுதி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி, "தலைப்பே வேண்டாம். மேல அவளின்ர பேரை எழுதிக் குடுங்கோ. அவளுக்கு என்ன பாடமெண்டு தெரியும்தானே."