மாமா மட்டும் வாங்கிய பஞ்சாமிர்தம்

மட்டும், கூட, உம், தான், ஏ ஆகியவை சொந்தக் கால் இல்லாதவை. முன்னே நிற்கும் சொல்லின் தோளில் ஏறித்தான் வாக்கியத்துக்குள் வர முடியும். யார் தோளில் ஏறினவோ அவருக்கே உழைக்கும். இடம் மாறினால் விசுவாசமும் மாறிவிடும். ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்யும் சொல் பெரும்பாலும் வினைக்கு முன்னால் பொதுவாக நின்றுவிடும். அது எந்தச் சொல்லைக் குறிக்கிறது என்பதைப் பேசுபவரின் குரல் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். தமிழில் அந்தச் சுதந்திரம் குறைவு. எங்கே ஒட்டியதோ அங்கே பொருள்.

பழனிக்குப் போய்வந்த ஒரு மாமாவை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். மூல வாக்கியம்: "மாமா பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கினார்." இதில் சண்டைக்கு ஒன்றுமில்லை.

"மாமா மட்டும் பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கினார்" என்றால், வேனில் உடன் போன மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். மாமாவின் பெருமை உயர்கிறது. "மாமா பழனியில் மட்டும் பஞ்சாமிர்தம் வாங்கினார்" என்றால் போன ஊர்கள் பல. மற்ற ஊர்களில் அவர் பஞ்சாமிர்தக் கடைப்பக்கம் திரும்பவில்லை. "மாமா பழனியில் பஞ்சாமிர்தம் மட்டும் வாங்கினார்" என்னும்போது வீட்டில் பிரச்சினை தொடங்குகிறது: விபூதி எங்கே, குழந்தைக்குக் கேட்ட பொம்மை எங்கே? "மாமா பஞ்சாமிர்தம் வாங்க மட்டும் செய்தார்" என்பது கடைசிக் கட்டம். வாங்கினார், வீடுவரை கொண்டுவந்து சேர்க்கவில்லை. டப்பா வேனிலேயே காலியாகியிருக்கலாம்.

வினையைக் கட்டுப்படுத்தும்போது "வாங்க மட்டும் செய்தார்" என்று வாக்கியத்தைப் பிரிக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். "வாங்கினார் மட்டும்" என்று முற்றின் வாலில் கட்டினால் வாக்கியம் நடுவில் நின்றுபோனதுபோல் இருக்கும். வேற்றுமை உருபு இருந்தால் அதற்குப் பின்னால்தான் மட்டும் வரும்: பழனிக்கு மட்டும், மாமாவை மட்டும். உருபை விட்டுவிட்டால் ஆபத்து. "குரங்கு மட்டும் குழந்தை பார்த்தது" என்றால் யார் யாரைப் பார்த்தது? மலைப்படியில் இரண்டுமே நடக்கக்கூடியவை. "குரங்கை மட்டும் குழந்தை பார்த்தது" என்று ஓர் ஐகாரம் சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது.

வீட்டுச் சண்டை வீட்டோடு போகும். அறிவிப்புப் பலகையில் இடம் தவறினால் வரிசையே தவறிவிடும். கூட்டம் நெருக்கும் தைப்பூச நாளில் இப்படி ஒரு பலகை வைப்பதாகக் கொள்ளலாம்: "முதியோர் மட்டும் இந்த வழியில் செல்லவும்." இதில் இளைஞருக்குத் தடை, முதியோர் வேறு வழியிலும் போகலாம். மட்டும் இரண்டு சொல் தள்ளி உட்கார்ந்தால், "முதியோர் இந்த வழியில் மட்டும் செல்லவும்." இப்போது தடை முதியோருக்கு. இளைஞர்கள் எல்லா வழியிலும், இந்த வழியிலும், தாராளமாக நுழையலாம். முதல் பலகை முதியோருக்குச் சலுகை. இரண்டாவது முதியோருக்கு வேலி. எழுதியவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றியிருக்கும். வரிசையில் நிற்கும் பெரியவருக்குத் தோன்றாது.

மட்டும் எதிர்மறை வினையோடு சேரும்போது இன்னும் விபரீதம். பழனிப் பஞ்சாமிர்தம் மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் முதலியவற்றால் ஆனது. 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் தண்ணீர் சேர்ப்பதில்லை என்பது அதன் முக்கியமான பெருமை. இந்தப் பெருமையைச் சொல்ல விரும்பும் ஒரு வியாபாரி, "நாங்கள் தண்ணீர் மட்டும் சேர்ப்பதில்லை" என்று சொல்லிவிட்டால் அது விளம்பரம் அல்ல, வாக்குமூலம். தண்ணீர் தவிர மற்றதெல்லாம் உள்ளே போயிருக்கிறது என்பது அதன் பொருள். "தண்ணீரும் சேர்ப்பதில்லை" என்றாலும் தப்பிக்க முடியாது: வேறு எதையெல்லாம் சேர்ப்பதில்லை, நெய்யையா, தேனையா? அவர் தேடிய வாக்கியம், "ஒரு சொட்டுத் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை." மிகச் சிறிய அளவைச் சொல்லி, அதன்மேல் கூட வைத்து, வினையை மறுத்தால் மறுப்பு முழுமையாகிறது. அந்தச் 'சொட்டு' இங்கே முக்கியம். "ஒரு குடம் தண்ணீர்கூடச் சேர்ப்பதில்லை" என்றால் அரைக் குடத்தைப் பற்றி வாங்குபவர் கேட்பார்.

உம் பழையது, விஷமமும் அதிகம். தொல்காப்பியம் அதற்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். நன்னூலும் எட்டு என்றே கணக்கு வைக்கிறது. அன்றாடம் ஆளைக் கவிழ்ப்பது எச்ச உம்மை. சொல்லாத ஒன்றையும் அது உள்ளே இழுத்து வரும். "மாமா பழனியில் சாமி கும்பிட்டார்" என்பது பக்தி. "மாமா பழனியில் சாமியும் கும்பிட்டார்" என்பது வேறு. போன காரியம் ஏதோ. சாமி கும்பிட்டது வழியில். அத்தை ஒரே ஓர் உம்மையில் ஒரு யாத்திரையையே கவிழ்த்துவிட முடியும். "மாமாவும் சாமி கும்பிட்டார்" என்று உம்மையை ஆள்மேல் வைத்தால் இன்னொரு கதை: அவர்கூடக் கும்பிட்டாராமே என்ற வியப்பு அதில் ஒட்டிக்கொள்ளும். இது சிறப்பும்மை. இதற்கு அளவுகோல் கேட்பவர் மனத்தில் இருக்கிறது. "அர்ச்சகரும் மந்திரத்தை மறந்தார்" என்றால் மறக்கவே கூடாதவர் மறந்தார். "நேற்று நடை பழகிய குழந்தையும் மலை ஏறிவிட்டது" என்றால் ஏற முடியாதது ஏறிவிட்டது. முன்னதை உயர்வு சிறப்பு என்றும் பின்னதை இழிவு சிறப்பு என்றும் இலக்கணம் பிரிக்கும்.

இடம் சரியாக இருந்தும் இரண்டு பொருள் தருவதும் உண்டு. "பத்துப் பேரும் வரவில்லை" என்றால் வர வேண்டிய பத்துப் பேரில் ஒருவரும் வரவில்லை எனலாம். பத்து என்ற எண்ணிக்கையே தேறவில்லை, ஏழோ எட்டோ வந்தார்கள் எனவும் கொள்ளலாம். வேன் ஓட்டுநருக்கு இந்த வேறுபாடு முக்கியம்: ஒன்றில் வண்டி காலி, மற்றதில் கிளம்ப வேண்டும். கூடவும் இப்படித்தான். "மாமா கூட வந்தார்" என்ற செய்தி கைப்பேசியில் வந்தால், மாமாவே வந்துவிட்டாரா, மாமாவும் வந்தாரா, மாமாவோடு வேறொருவர் வந்தாரா? இங்கே சொல்லை நகர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்: மாமாவும், மாமாவோடு.

தான் விலக்குவதைவிடச் சுட்டுவதில் கெட்டி. "அப்பாதான் மொட்டை போட்டார்" என்பது யார் என்ற கேள்விக்குப் பதில். "அப்பா மொட்டைதான் போட்டார்" என்பது, காவடி எடுத்தாரா என்று கேட்டவருக்குப் பதில். இரண்டிலும் முடி போனது அப்பாவுக்கு. வீட்டில் கேட்ட கேள்விதான் வேறு. ஏகாரமும் பல நேரம் இந்த வேலையைச் செய்யும். "அப்பாவே மொட்டை போட்டார்" என்றால் வேறொருவரும் அல்லர் என்று பிரிப்பதாகவும் கொள்ளலாம், அவரா போட்டார் என்று வியப்பதாகவும் கொள்ளலாம். நாவிதரை நம்பாமல் கத்தியைத் தாமே எடுத்துக்கொண்டார் என்று நினைப்பவரையும் தடுக்க முடியாது.

பலகை எழுதுபவர்களும் கடைக்காரர்களும் ஒரு சோதனையைச் செய்யலாம். மட்டும் ஒட்டிய சொல்லைப் பிடித்து, "இது தவிர வேறு?" என்று கேட்க வேண்டும். "முதியோர் மட்டும்" என்றால் 'வேறு யார்?' என்றும், "வழியில் மட்டும்" என்றால் 'வேறு எங்கே?' என்றும் கேள்வி எழும். தடுக்க நினைத்தது அந்தக் கேள்விக்குப் பதிலாக வந்தால் பலகையை மாட்டலாம். வராவிட்டால் சாயம் காய்வதற்குள் அழித்து எழுதிவிடுங்கள்.