எட்டாயிரத்து நானூறு ரூபாய்க்கு ஒரு நோட்டீஸ்

கணியம்பாடி, எங்கள் தெரு ஆடித் திருவிழாக் குழுவினருக்கு,

இந்த ஆண்டு நோட்டீஸ் வந்து சேர்ந்தது. தலைமை, முன்னிலை, வரவேற்பு, நன்றி என்று முக்கால் தாளுக்குப் பெயர்கள். போட்டோவில் எல்லாருமே கைகூப்பி நிற்கிறீர்கள்; அம்மன்தான் ஓரமாக ஒதுங்கியிருக்கிறாள். கீழே பொடி எழுத்தில் சென்ற ஆண்டுக் கணக்கு: வரவு 1,07,600, செலவு 1,07,600, மீதி இல்லை.

பம்பைக்காரர், மைக் செட்டு, கேழ்வரகு எல்லாம் பேசிவைத்துக்கொண்டு வந்ததுபோல் ஒரு ரூபாய் பிசகாமல் முடிந்திருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் சம்பளம் போடுகிறவர்களுக்குக்கூட இந்த வித்தை வராது.

பழைய நோட்டீஸ்களைத் தூக்கிப்போடாத கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இந்த நோட்டீஸுக்கு முந்தைய ஆண்டுத் தாளில் “கையிருப்பு 8,400” என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். சென்ற ஆண்டு வரவில் அதைக் காணோம். செலவில் பம்பை 18,000, மைக் செட்டும் சீரியல் விளக்கும் 32,000, கூழும் சாப்பாடும் 27,500, பூவும் பூஜை சாமானும் 9,700, பேனரும் நோட்டீஸும் 12,300. கூட்டினால் 99,500. பாக்கி 8,100-க்கு “இதர” என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். காணாமல் போன கையிருப்பையும் இதரவையும் சேர்த்தால் 16,500. கூழ் ஊற்றும் நாட்டில் இந்த இதர யார் வீட்டுப் பிள்ளை?

குறை சொல்வதோடு நிற்காமல் நோட்டீஸைத் திருத்தியும் தருகிறேன். அச்சகத்துக்கு இப்படியே கொடுங்கள்:

“முந்தைய ஆண்டுக் கையிருப்பு 8,400. வீட்டுக்கு 500 வீதம் ரசீது போட்டது 186, ஆக 93,000. வெளியூரில் இருப்பவர்கள் ஜீபேயில் அனுப்பியது 14,600. மொத்தம் 1,16,000. பில் உள்ள செலவு 99,500. மீதி 16,500 இன்னார் கையில் இருக்கிறது. அது போக இந்த ஆண்டுக்குத் தேவைப்படுவதையே கேட்கிறோம்.”

“இன்னார்” என்ற இடத்தில் ஒரு பெயர் வந்தாக வேண்டும். அது மட்டும் எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ரசீதையும் சொல்லிவிடுகிறேன். நூறு தாள் புத்தகம் 2 அடித்தீர்கள். 186 கிழிந்தால் 14 வெற்றுத் தாள் திரும்பி வர வேண்டும். வெற்றுத் தாளையும் அடிக்கட்டையையும் கூட்டத்தில் மேசைமேல் வைத்தால், யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்று தெருவே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். கேழ்வரகு மூட்டை கொடுத்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பணமாக வரவில்லை என்பதற்காக அந்த மூட்டையை வரவில் காட்டாமல், கூழுக்குக் கேழ்வரகு வாங்கியதாகச் செலவில் மட்டும் எழுதினால் அதுவும் இதரவின் தம்பிதான்.

இதையெல்லாம் போட இடம் போதாது என்பீர்கள். போட்டோவில் நாலு பேரைக் குறையுங்கள். முதலில் என் மைத்துனரை எடுத்துவிடலாம், நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

வசூலுக்கு வரும் தம்பியிடம் என் 500 தயாராக இருக்கிறது என்று சொல்லுங்கள். வரும்போது ரசீது புத்தகத்தோடு அந்த 14 தாளையும் எடுத்து வரட்டும்.

இப்படிக்கு,
186 ரசீதில் ஒருவன்