ஆளுக்கு அறுபது ரூபாய்

எங்கள் அச்சகத்தில் பதினொரு பேர் வேலை பார்க்கிறார்கள். நானும் இருக்கிறேன், ஆனால் நான் பார்ப்பதற்கு வேலை என்று பெயரில்லை என்பது என் மனைவியின் கட்சி. மாதக் கடைசியில் அவள் ஒரு நீள நோட்டை விரிப்பாள். லீவு, முன்பணம், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கழித்து, அடுப்பில் பருப்பு வேகும் நேரத்துக்குள் பதினொரு பேர் சம்பளத்தையும் போட்டு முடித்துவிடுவாள். நன்றாக நடக்கிற ஒரு காரியத்தைக் கண்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆடித் தள்ளுபடியில் சம்பளக் கணக்கு மென்பொருள் ஒன்றை வாங்கினேன்.

விற்க வந்த பையன் வாய் நிறையப் பேசினான். "ஆளுக்கு மாசம் அறுபது ரூபாதான் சார். அஞ்சு டீக்காசு." மனசுக்குள்ளேயே பெருக்கினேன். பதினொரு பேருக்கு 660 ரூபாய். கையெழுத்துப் போட்டேன்.

முதல் பில் 1,500 ரூபாய் என்று வந்தது. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி. அதையாவது திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் ஆறுதல் சொன்னார். பையனுக்குப் போன் போட்டால், "மினிமம் 25 பேர் சார், ஒப்பந்தத்துலயே இருக்கே" என்றான். இருந்தது. நான் அச்சடிக்கும் திருமணப் பத்திரிகைகளில் 'நல்வரவை நாடும்' என்று கீழே பொடி எழுத்தில் போடுவோமே, அதைவிடப் பொடியாக இருந்தது. இருபது வருஷமாக அடுத்தவர் எழுத்தை அச்சடிக்கிறவன், எனக்கு வந்த காகிதத்தைப் படிக்கவில்லை. ஆளுக்கு அறுபது என்றது கணக்கில் ஆளுக்கு 136 ரூபாயாக நின்றது. பதினான்கு காலி நாற்காலிக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறேன் என்று பொருள்.

வாடகை கட்டியாகிவிட்டது, காலியாக ஏன் கிடக்க வேண்டும் என்று உட்கார வைக்க ஆள் தேடினேன். இங்கேதான் என் புத்திசாலித்தனம் வேலை செய்ய ஆரம்பித்தது.

முதலில், சாயங்காலம் இரண்டு மணி நேரம் பைண்டிங்குக்கு வரும் மூன்று பெண்கள். இவர்களைப் பாதி ஆளாக, அதாவது முப்பது ரூபாயாகப் போட முடியுமா என்று பையனிடம் கேட்டேன். "சிஸ்டம் மணி நேரத்தைப் பாக்காது சார், தலையத்தான் பாக்கும்" என்றான். அதுவும் நியாயம்தான். இரண்டு மணி நேரம் வந்தாலும் சம்பளச் சீட்டு ஒன்று, இ.எஸ்.ஐ. எண் ஒன்று, சேமிப்பு நிதிக் கணக்கு ஒன்று. அரை ஆளுக்கு அரைச் சீட்டு அடிக்க முடியாது. ஆக, தலைகள் பதினான்கு.

அடுத்தது பிழை திருத்தும் வாத்தியார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வீட்டிலிருந்தே திருத்தி, மாதம் 12,000 ரூபாய்க்குப் பில் தருவார். நம் சம்பளப் பட்டியலில் இல்லாதவர், ஒப்பந்தக்காரர். அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கத் தனிப் பகுதி இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் என்றான் பையன். காலி நாற்காலி பதினொன்று சும்மா கிடக்கும்போது எதற்குத் தனிக் கட்டணம்? வாத்தியாரை ஊழியராகவே ஏற்றிவிட்டேன்.

மென்பொருள் நேர்மையானது. ஊழியர் என்று சொன்னால் ஊழியராகவே நடத்தும். பி.எப். 12 சதவீதம் 1,440 ரூபாய், இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம் 90 ரூபாய், இரண்டையும் பிடித்துக்கொண்டு 10,470 ரூபாயை அவர் கணக்கில் போட்டது. அதோடு விட்டதா? முதலாளி பங்கு என்று என் தலையிலும் அதற்கு மேல் ஒரு தொகையை எழுதியது. அறுபது ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனவன் கதை இது.

மறுநாள் காலை வாத்தியார் சம்பளச் சீட்டோடு வந்தார். அதில் சிவப்பு மையில் இரண்டு ஒற்றுப்பிழையைத் திருத்தியிருந்தார்.

"தம்பி, அறுபத்தேழு வயசுல எனக்குப் பி.எப். பிடிச்சிருக்கீங்க. சந்தோஷம். அப்ப நான் உங்க ஊழியன்."

"இல்லைங்கய்யா, அது வந்து..."

"கம்பெனி பேரு போட்டு, ஊழியர் எண் போட்டு, எழுத்துல கொடுத்திருக்கீங்களே. தீபாவளிக்கு எட்டே கால் சதவீதம் போனஸ் உண்டா?"

"எட்டேகால் இல்லைங்கய்யா, 8.33" என்று திருத்தினேன். அவர் வாழ்நாளில் நான் திருத்திய ஒரே பிழை அது. திருத்தியது எனக்கே பாதகமாக முடிந்தது. போனஸ் சட்டம் எனக்குத் தெரியும் என்பதும் வெளிப்பட்டுவிட்டது.

ஆடிட்டர் தலையில் அடித்துக்கொண்டார். ஒப்பந்தக்காரருக்குப் பில்லுக்குப் பணம், வருமான வரிப் பிடித்தம் பொருந்தினால் அது, அவ்வளவுதான். அவரை ஊழியர் பட்டியலில் ஏற்றினால், பின்னாளில் இவர் உங்கள் ஆள்தான் என்பதற்கு நீங்களே அச்சடித்துக் கொடுத்த சாட்சி அது என்றார். வாத்தியாரை இறக்கினோம். பிடித்த பணத்தை என் கையிலிருந்து கொடுத்தேன்.

பிறகு காலண்டர் சீசன் வந்தது. தகரப் பட்டை அடிக்க, தாள் அடுக்க, பசை தடவ என்று பதினொரு பேரைக் கூடுதலாகச் சேர்த்தேன். பதினான்கும் பதினொன்றும் இருபத்தைந்து. கட்டும் காசுக்குச் சரியாக ஆள். இப்படி ஒரு பொருத்தம் என் ஜாதகத்திலேயே கிடையாது.

நவம்பர் பில் 2,500 ரூபாய். இருபத்தாறிலிருந்து ஐம்பது வரை அடுத்த படியாம். படி என்றால் ஒரு ஆள் கூடினாலும் முழுப் படியும் ஏறியாக வேண்டும். ஆனால் எங்கே கூடினார் அந்த ஒரு ஆள்? அச்சகத்தில் நின்று தலை எண்ணினேன். இருபத்தைந்து. கும்பலாகப் போய் டீ குடித்து வந்த பிறகு மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து. பசை தடவும் பையன் மேல் எனக்குச் சந்தேகம். அவன் எப்போதும் இரண்டு இடத்தில் இருப்பான். ஒரு வாரம் அவன் பின்னாலேயே நடந்தேன்.

பொங்கலுக்கு முன் சீசன் ஆட்கள் கணக்கு முடித்துப் போனார்கள். ஜனவரி பில் 2,500. போகிற மாதமும் சம்பளம் போட்டோம், ஆகவே அந்த மாதம் தலைக்கணக்கு உண்டு, சரி. பிப்ரவரியும் 2,500. அதற்கு மேல் பொறுக்காமல் நோட்டுக்காரியிடம் சரணடைந்தேன்.

அவள் பட்டியலைத் திறந்து விரலால் இறங்கினாள். "போனவங்க யாருக்கும் விலகிய தேதியே போடலையேங்க. தேதி போடாத வரைக்கும் அது அவங்களை வேலையில இருக்கறதாத்தான் எண்ணும்." இது மென்பொருள் கட்டணத்தின் ஆணிவேர். யாருக்குச் சம்பளம் போட்டோம் என்று எண்ணும் நிறுவனம் உண்டு. யார் பெயர் பட்டியலில் உயிரோடு இருக்கிறது என்று எண்ணும் நிறுவனமும் உண்டு. எங்களுடையது இரண்டாவது வகை.

ஆகவே நீங்கள் வாங்கப்போனால், 'ஆளுக்கு எவ்வளவு' என்று கேட்காதீர்கள். ஆள் மிகக் குறைந்த மாதத்தில் மொத்த பில் எவ்வளவு, மிக அதிகமான மாதத்தில் எவ்வளவு என்று கேட்டு, நீங்களே தலைக்கு வகுத்துப் பாருங்கள். 'ஆள்' என்றால் யார் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அந்த இருபத்தாறாவது ஆளையும் அவள்தான் பிடித்தாள். பட்டியலின் உச்சியில், ஊழியர் எண் 1, சம்பளம் பூஜ்யம். ஆடி மாதம், எப்படிப் பெயர் ஏற்றுவது என்று பழகிப் பார்க்க, நான் ஏற்றிய முதல் பெயர் அது.

என் பெயர்.

நாலு மாதத்தில் அச்சகத்துக்கு என்னால் ஆன செலவு 4,000 ரூபாய். பசைக்காரப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். விலகிய தேதி என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று மனைவியைக் கேட்டேன்.

"கல்யாணத் தேதியப் போடுங்க" என்றாள்.