எல்லோருக்கும் நாடி எண்பது

அரசு மருத்துவமனைப் பொது வார்டுகளில் விடியற்காலையில் ஓர் அதிசயம் நடக்கிறது. ஆறு மணிக்குக் கட்டிலில் தொங்கும் அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் கட்டில்காரருக்கு நாடி 80, மூச்சு 20, காய்ச்சல் இல்லை. கல்லீரல் கெட்டு மஞ்சள் பூத்துக் கிடப்பவருக்கும் 80, 20. தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நிமோனியாக்காரருக்கும் அதே 80, அதே 20. சாதி, மதம், வயது, வியாதி எந்தப் பேதமும் பாராமல் எல்லா உயிரும் ஒரே தாளத்தில் துடிக்கும் இந்தச் சமத்துவத்தை வேறெந்தத் துறையும் சாதித்ததில்லை. தர ஆய்வுக்கு வரும் குழு, கட்டங்கள் காலியில்லாமல் இருப்பதைக் கண்டு மார்க் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகும்.

நர்ஸின் சோம்பல் என்று உடனே தீர்ப்பு எழுதுகிறவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போடட்டும். ஆண்கள் மருத்துவ வார்டு ஒன்று. 40 கட்டில், தரையோடு சேர்த்து 52 பேர். இரவுப் பணி 12 மணி நேரம். ஒரே ஒரு ஸ்டாஃப் நர்ஸ். வெப்பம், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் இவற்றை ஒழுங்காகப் பார்க்க ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்கு மணிக்கொரு தரம் என்றால் இரவில் மூன்று சுற்று. மொத்தம் 780 நிமிடம், அதாவது 13 மணி நேரம். ஓர் ஊசி போடாமல், ஒரு டிரிப் மாற்றாமல், பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்க்காமல் ஓடினாலும் விடியும்போது ஒரு மணி நேரம் கடன்பட்டிருப்பாள். அந்தக் கடனைத்தான் ஐந்தரை மணிக்குப் பேனாவால் அடைக்கிறாள்.

இந்திய நர்சிங் கவுன்சில் கற்பித்தல் மருத்துவமனைகளின் பொது வார்டுக்கு மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறது. விடுப்புக்கு ஈடாக அதற்கு மேல் 30 சதவீதம். ரொம்பத் தாராளமாகத் தளர்த்தி, ஷிஃப்டுக்கு ஒன்பது பேருக்கு ஒருவர் என்று வைத்தாலும் இந்த வார்டுக்கு ஆறு பேர் வேண்டும். லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. அவர்கள் பதறிப்போய் ஒப்பிட்டது நான்கு பேருக்கு ஒரு நர்ஸையும் எட்டுப் பேருக்கு ஒரு நர்ஸையும். 52க்கு ஒன்று என்பது அந்த வரைபடத் தாளுக்குள்ளேயே வராது. நம் சாதனையைக் குறிக்கத் தாளை ஒட்டி நீட்ட வேண்டும்.

நர்ஸ் கிடைக்காத நாடா இது? தெருவுக்குத் தெரு நர்சிங் கல்லூரி. 2015ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்து ஆயிரக்கணக்கானவர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்பது பேச்சு. இரண்டு வருஷம் கழித்து, 2017 நவம்பரில், அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து, சொன்ன வாக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் இருக்கிறார்கள், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் மனசில்லை. ஆகவே அதற்குப் பெயர் ‘பற்றாக்குறை’. மழை பொய்த்த மாதிரி, யாருடைய குற்றமுமில்லை.

இந்த வார்டுக்கு ஓர் இன்சார்ஜ் சிஸ்டர் வாய்த்தார். ஆள் கேட்டு மேலிடத்தில் அவர் போய் நின்றபோது கிடைத்த பதில் எல்லோரும் அறிந்ததே: “இருக்கிற ஸ்டாஃபை வச்சு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கம்மா.” அந்த அம்மாள் நிஜமாகவே அட்ஜஸ்ட் செய்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சாயங்கால ஒப்படைப்பை மேஜையில் நடத்தாமல் கட்டில் கட்டிலாக நடந்து செய்தார். இன்று இரவு யார் சரியக்கூடும் என்று ஒவ்வொருவரையும் பார்த்தார். அப்படி ஏழு பேர் இருந்தார்கள். அந்த ஏழு பேரையும் சிஸ்டர் மேஜைக்கு எதிர்வரிசைக்கு நகர்த்தினார். இந்த ஏழு பேருக்கு நான்கு மணிக்கொரு தரம், மூச்சைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மற்ற 45 பேருக்கு இரவின் தொடக்கத்தில் ஒரு தரம், பிறகு ஏதாவது சொன்னால். டியூட்டி டாக்டரிடம் பேசி, அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கினார். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல்களை ட்ரேயிலிருந்து எடுத்துப் பூட்டினார். தூக்கக் கண்ணுக்கு அது ஊசி கலக்கும் தண்ணீர் போலத் தெரியும், கலக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். இன்சுலினுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சைத் தவிர, 100 யூனிட் ஆரஞ்சு மூடி ஒன்றுகூட வார்டில் இருக்கக் கூடாதென்றார். பக்கத்து வார்டு நர்ஸோடு பேசி, ராத்திரி ஆளுக்கு இருபது நிமிடம் சாப்பிட ஏற்பாடு. ஒருத்தி சாப்பிடும்போது இன்னொருத்தி இரண்டு வாசலுக்கும் நடுவில் நிற்பாள். வாராந்திர ஓய்வில் இருப்பவளுக்கு வார்டிலிருந்து போன் போகாது. தப்பு நடந்தால் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும், சொன்னவளுக்குத் திட்டு கிடையாது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நர்ஸ் தினத்தன்று ஒரு சால்வை கிடைத்திருக்கும். அவர் இன்னொன்றும் சொன்னார்: “பார்க்காத ரீடிங்கை எழுதாதேம்மா. ‘பார்க்கவில்லை, பணியில் ஒருவர்’ என்று எழுது.”

ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ஏழு பேரில் நிமோனியாக்காரருக்கு மூச்சு 32. ரத்த அழுத்தம் சாதாரணமாகவே இருந்தது. அது கடைசியில்தான் விழும், மூச்சுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நர்ஸ் டாக்டரை எழுப்பினாள். ஆக்சிஜன் போட்டு, மூன்று மணிக்கெல்லாம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஆள் பிழைத்தார். வழக்கமான இரவாக இருந்தால் அவர் அட்டையில் 20 என்று பதிவாகி, காலையில் ‘திடீர் மரணம்’ என்று முடிந்திருக்கும். சம்பந்தப்பட்ட ஆவணங்கள் யாவும் முழுமையாக இருந்திருக்கும்.

பிழைத்தவரைப் பற்றி ஒரு தாளும் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது மெமோ. 45 நோயாளிகளின் அட்டையில் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் கட்டங்கள் ஏன் காலி? விதி 17(பி)யின் கீழ் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? அந்த விதியில் பெரிய தண்டனைகள் உண்டு, டிஸ்மிஸ்வரை போகும். ஐந்து நர்ஸ் பணியிடங்களை வருஷக்கணக்கில் காலியாக வைத்திருப்பவருக்கு மட்டும் 17(ஏ)யும் இல்லை, 17(பி)யும் இல்லை. காலிக் கட்டம் ஒழுங்கீனம், காலி நாற்காலி நிர்வாகம்.

சிஸ்டர் பதில் எழுதினார். 52, ஐந்து நிமிடம், மூன்று சுற்று, 13 மணி நேரம் என்று கணக்கை வரிசையாகப் போட்டு, எந்த வரியில் தப்பு என்று சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வதாகப் பணிவோடு கேட்டுக்கொண்டார். அதோடு மூன்று மாத டியூட்டி பட்டியலையும், ‘பணியில் ஒருவர்’ என்ற குறிப்புகளின் நகலையும் இணைத்து, பெறுகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொண்டார். நாளைக்கு ஒரு சாவு விசாரணைக்கு வந்தால் நீட்டுவதற்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் அவருடைய நர்ஸ்களுக்கு இருக்கிறது.

நிர்வாகத்தைச் சும்மா சொல்லக் கூடாது, கருணையோடு பரிசீலித்தது. வார்டு செவிலியர்கள் மனஅழுத்தத்தில் இருப்பதாகத் தெரியவருவதால், அவர்களில் இருவரை மூன்று நாள் மனஅழுத்த மேலாண்மைப் பயிற்சிக்கு உடனே விடுவிக்கும்படி உத்தரவு வந்தது. மாற்று ஏற்பாட்டை இன்சார்ஜ் சிஸ்டரே செய்துகொள்ள வேண்டியது.