பெட்டியில் அச்சிடாதவை

பம்பலப்பிட்டிக் கடைக் கண்ணாடிக்குள் கிடக்கும் கைப்பட்டி உண்மை பேசத் தொடங்கினால் முதலில் இதைத்தான் சொல்லும்: "நான் காலைப் பார்ப்பதேயில்லை. கை ஆடுவதைத்தான் எண்ணுகிறேன்."

ஆகவே மெரைன் டிரைவில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பவருக்கு அடிக் கணக்குக் குறையும். வீட்டில் உட்கார்ந்தபடி தாளம் போடுபவருக்குச் சில அடிகள் இனாமாகக் கிடைக்கலாம். பத்தாயிரம் அடி என்ற இலக்கும் வைத்தியர் எழுதிக்கொடுத்ததல்ல. 1965இல் ஜப்பானிய நிறுவனமொன்று தன் அடிமானிக்குச் சூட்டிய விற்பனைப் பெயர் அது.

உறக்கமா? அசையாமல் நாடகம் பார்த்தாலும் உறங்கியதாக எழுதிவிடக்கூடும். ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம் என்ற பிரிவினை, மூளை அலையைப் பாராமல் நாடித்துடிப்பையும் அசைவையும் வைத்துப் போடும் ஊகம்.

பற்றரி விஷயத்தில் சியோமி பேண்ட் 8 பரவாயில்லை: 16 நாள் என்கிறது, திரையை அணையாமல் வைத்தால் 6 என்றும் ஒப்புக்கொள்கிறது. கடிகாரத்தில் நேரம் தெரிந்துகொண்டே இருக்கவேண்டுமென்ற பேராசைக்குப் பத்து நாள் அபராதம்.